ஆயுத பூஜை ஆஃபருக்கு என்ன எழுதலாம்? (மோட்டார் சாமான் கடை, பிறை)

பிறை மோட்டார் கடை எழுதியது:

வணக்கம். பினாங்கு, பிறையில் சின்னதாக மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஹெல்மெட், மழைக்கோட்டு, டயர், செயின், பிரேக் ஷூ, பல்பு, பின்பெட்டி எல்லாம் உண்டு. மாட்டிக் கொடுக்க நானும் ஒரு தம்பியும் இருக்கிறோம். இந்த 2025-இல் ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை வருகிறது. வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கடை முன்னால் ஒட்டவும் இப்படி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்:

“ஆயுத பூஜை மெகா ஆஃபர்!!! எல்லா மோட்டார் சாமான்களுக்கும் 50% வரை தள்ளுபடி! அன்னை சரஸ்வதியின் அருளோடு உங்கள் வாகனத்தைப் புதுப்பியுங்கள்! செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 5 வரை. இருப்பு உள்ளவரை மட்டுமே!”

இது துணிக்கடை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறார். மோட்டார் வைத்திருப்பவர்களிடம் பேசுகிற மாதிரி எப்படி எழுதுவது? திருத்திக் கொடுங்கள்.

வண்ணத்தாள் எழுதியது:

நான் விளம்பர வேலை செய்கிறவன். உங்கள் எழுத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. 50% என்ற எண்ணை இன்னும் பெரிதாக்குங்கள், மஞ்சளும் சிவப்பும் போடுங்கள், சரஸ்வதி படத்தை நடுவில் வையுங்கள். எண் பெரிதாக இல்லாவிட்டால் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். முதல் வரியில் ஆளை நிறுத்த வேண்டும், மற்றதெல்லாம் கடைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

செந்தூல் போர்மன் எழுதியது:

தம்பி, நான் பல வருஷம் பட்டறையும் சாமான் கடையும் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு மோட்டார் வைத்திருப்பவன் என்ன செய்கிறான் என்று முதலில் பாருங்கள். நம் மலேசியாவில் அன்றைக்கு விடுமுறை கிடையாது. பெரும்பாலானவர்கள் வேலை முடிந்து வந்து வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்திக் கும்பிடுவார்கள். அதாவது அன்று சாயங்காலம் வண்டி பூஜைக்குத் தயாராக நிற்க வேண்டும். வேலை பார்ப்பது, சாமான் மாற்றுவது எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். நீங்கள் அக்டோபர் 5 வரை ஆஃபர் போட்டால் நாலு நாள் பூஜைக்குப் பிறகு போய்விடுகிறது. பூஜை முடிந்த வண்டிக்கு “பூஜைக்காகத் தயார் செய்யுங்கள்” என்று யாரிடம் சொல்வீர்கள்? செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமையோடு முடித்துவிடுங்கள். அந்த முடிவு தேதிதான் உங்கள் விளம்பரத்தின் உயிர், “இன்னும் சில நாட்களே” என்று தனியாகக் கத்த வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்தது அந்த “50% வரை”. எந்தச் சாமானுக்கு 50%? உங்கள் மழைக்கோட்டைப் பாதி விலைக்குக் கொடுக்க முடியுமா? வாங்கிய விலை என்ன, விற்கிற விலை என்ன, சொல்லுங்கள்.

பிறை மோட்டார் கடை எழுதியது:

மழைக்கோட்டு எனக்கு 27 வெள்ளிக்கு வருகிறது, 45-க்கு விற்கிறேன். 50% என்று போட்டது பழைய கைப்பிடி ரப்பர்களுக்காகத்தான், ஒரு பெட்டி தேங்கிக் கிடக்கிறது. மற்றதற்கெல்லாம் 10% கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

செந்தூல் போர்மன் எழுதியது:

பார்த்தீர்களா. மழைக்கோட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தால் 22 வெள்ளி 50 காசு, கையிலிருந்து நாலரை வெள்ளி போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் கொடுக்கமாட்டீர்கள். ஆனால் 50% என்று படித்து வருகிறவன் ரப்பருக்காக வரமாட்டான், ஹெல்மெட்டுக்கோ டயருக்கோதான் வருவான். கவுண்டரில் 10% என்று சொன்னதும் முகம் மாறும், அன்றைய மற்ற வியாபாரமும் சேர்ந்து கெடும். இரண்டு மூன்று பொருளை மட்டும் எடுத்து, முழு விலையை எழுதிவிடுங்கள். “மழைக்கோட்டு 45 வெள்ளி, பூஜை வரை 38 வெள்ளி” என்று போட்டால் உங்களுக்கும் 11 வெள்ளி நிற்கும், படிக்கிறவருக்கும் சந்தேகம் இருக்காது.

செந்தமிழ்ச்செல்வன்77 எழுதியது:

ஐயா எனக்கு ஒரு சந்தேகம். போன வாரம்தான் புது மோட்டார் எடுத்தேன். ஆயுத பூஜை அன்று கோவிலுக்குக் கொண்டு போய்ப் பூஜை போடுவதா, இல்லை வீட்டிலேயே செய்யலாமா? காலையில் நல்ல நேரம் எது? எனக்கு ராத்திரி சிஃப்ட்.

லிட்டில் இந்தியா பூக்கடை எழுதியது:

செல்வன் தம்பி, இங்கே கடைக்காரர் ஆஃபர் எழுதத்தான் கேட்டிருக்கிறார். இருந்தாலும் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். நேரம் வேண்டுமானால் உங்கள் பக்கத்துக் கோவில் குருக்களைக் கேளுங்கள், அவர்தான் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார்.

கடைக்காரத் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. சரஸ்வதி படத்தை நோட்டீஸில் போடாதீர்கள். நோட்டீஸைப் படித்துவிட்டுக் கீழே போடுவார்கள், ஈரத் தரையில் கிடக்கும், மிதிபடும். எங்கள் கடையில் படம் போட்ட பிளாஸ்டிக் பை வந்தால் நாங்கள் பூவுக்குக் கொடுப்பதில்லை. எலுமிச்சம்பழம், மாலை, குங்குமச் சிமிழ் என்று வரைந்தாலே எந்தப் பூஜை என்று தெரிந்துவிடும். “அருளோடு புதுப்பியுங்கள்” என்று அம்மனை உங்கள் கடைக்கு ஆள் கூப்பிட வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வண்ணத்தாள் எழுதியது:

அக்கா, போனில் அனுப்புகிற படம் கீழே விழாதே. கடை முன்னால் ஒட்டுவதில் மட்டும் படத்தை எடுத்துவிடலாம். பண்டிகை உணர்வு இல்லாமல் வெறும் விலைப்பட்டியல் அனுப்பினால் யார் பார்ப்பார்கள்? எண் பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் உணர்வை விடக்கூடாது.

லிட்டில் இந்தியா பூக்கடை எழுதியது:

உணர்வு வேண்டும்தான். முதல் வரியில் “ஆயுத பூஜை வாழ்த்துகள்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள், அதன் பக்கத்திலேயே விலையைப் போடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். அதுவே போதும்.

பாலம் தாண்டுகிறவன் எழுதியது:

நான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ் பேக்டரியில், பழைய ஈஎக்ஸ்5-இல் தினமும் பினாங்குப் பாலத்தைத் தாண்டுகிறேன். 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் செப்டம்பர், அக்டோபர் பினாங்கில் மழை கொட்டுகிற நேரம். பாலத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடமில்லை, பக்கவாட்டுக் காற்று வேறு தள்ளும், முன்னால் போகிற லாரி தண்ணீரை முகத்தில் அடிக்கும். எனக்கு இந்த மாதம் வேண்டியது பிரேக், டயர், விளக்கு, மழைக்கோட்டு. “வாகனத்தைப் புதுப்பியுங்கள்” என்று வந்தால் ஸ்டிக்கரும் அலங்காரமும் விற்கிறார்கள் என்று நினைத்துத் திறக்கமாட்டேன். “பூஜைக்கு முன் பிரேக், விளக்கு, செயின் பார்த்துத் தருகிறோம், இவ்வளவு வெள்ளி” என்றால் அன்றைக்கே வருவேன்.

இன்னொன்று. வேறொரு கடையில் போன வருஷம் “இலவச ஹெல்மெட்” என்று போட்டிருந்தார்கள். போனால் குறிப்பிட்ட டயர் இரண்டும் வாங்கினால்தான் ஹெல்மெட்டாம், அதிலும் தரத்துக்கான சிரிம் முத்திரையே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் போகவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடைக்காரர் ஒன்றை மறந்துவிட்டார். மலேசியாவில் தள்ளுபடி என்று எது போட்டாலும் முதலில் உள்நாட்டு வர்த்தக அமைச்சான கேபிடிஎன்-இடம் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று நினைக்கிறேன். அதனால் “தள்ளுபடி” என்று எங்கேயும் எழுதாதீர்கள், “சிறப்பு விலை” என்று போட்டால் சட்டம் தொடாது.

செந்தூல் போர்மன் எழுதியது:

கணக்குப்பிள்ளை, எச்சரிக்கை சரி, ஆனால் தப்பிக்கிற வழி சரியில்லை. என்ன பெயர் வைத்தாலும் விலையைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், அதைத்தான் பார்ப்பார்கள். 1999-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலை பற்றி ஏமாற்றுகிற அறிவிப்பு, கொடுக்கிற எண்ணம் இல்லாமல் இலவசம் என்று சொல்வது, கொஞ்சம் சரக்கை வைத்துக்கொண்டு மலிவு விலை காட்டி ஆளை இழுப்பது, நிறைய இருக்கும்போதே கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொல்வது, எல்லாமே தடுக்கப்பட்டிருக்கிறது. மழைக்கோட்டை 45-க்கு உண்மையிலேயே விற்றுக்கொண்டிருந்தால்தான் “45, இப்போது 38” என்று எழுதலாம். ஆஃபருக்காக ஒரு நாள் முன்னால் 60 என்று ஒட்டிவிட்டு அதை அடித்து 38 என்று எழுதக்கூடாது. மலிவு விற்பனை விதிமுறையைப் பக்கத்திலுள்ள கேபிடிஎன் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

பாலம் தம்பி சொன்ன ஹெல்மெட் விஷயமும் இதில்தான் வருகிறது. ஹெல்மெட் இங்கே 1973-இலிருந்து கட்டாயம். இலவசமாகக் கொடுத்தாலும் சிரிம் முத்திரை இருக்க வேண்டும். இல்லாத ஹெல்மெட்டைப் பூஜைப் பரிசாகக் கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமல் இருப்பது மேல்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் சொன்னதில் பாதியை ஏற்கிறீர்கள், சரி. அனுமதி விஷயத்தில் நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன், தம்பி நேரில் கேட்டுச் சொல்லட்டும். பேனரைப் பற்றியும் ஒன்று. ரோட்டோரக் கம்பியில் கட்டினால் எம்பிஎஸ்பி மாநகர் மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும், மலாய் வரி பெரிதாகத் தெரிய வேண்டும். தமிழில் மட்டும் எழுதிக் கட்டினால் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பிறை மோட்டார் கடை எழுதியது:

பேனர் வேண்டாம், வாட்ஸ்அப்பும் கடைக்குள் ஒட்டுவதும் போதும். பாலம் தம்பி சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. சாமான் தள்ளுபடியைவிட வேலையை முன்னால் வைக்கிறேன். இது எப்படி?

“பூஜைக்கு முன் உங்கள் மோட்டாரைத் தயார் செய்யுங்கள்! எல்லா மோட்டாருக்கும் செயின் கழுவி எண்ணெய் போட்டு, பிரேக், விளக்கு, டயர் காற்று பார்த்து 15 வெள்ளி மட்டுமே!”

செந்தூல் போர்மன் எழுதியது:

இது நல்ல வழி. ஆனால் “எல்லா மோட்டாருக்கும்” என்பதில் சிக்கல் இருக்கிறது. ஸ்கூட்டருக்குச் செயின் இல்லை, பெல்ட்தான். அந்தப் பெல்ட் பெட்டியைத் திறந்து பார்ப்பது வேறு வேலை, வேறு கூலி. என்மேக்ஸ் வைத்திருப்பவர் 15 வெள்ளியைப் படித்துவிட்டு வந்து நிற்பார், நீங்கள் காற்று மட்டும் பார்த்து அனுப்பினால் அவருக்கு மனசு ஆறாது. ஈஎக்ஸ்5-க்கோ செயின் முழுசாக மூடிக்குள் இருக்கிறது, மூடியைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். ஒய்15-இல் செயின் வெளியே தெரியும், சீக்கிரம் முடியும். அதனால் “செயின் உள்ள கப்சாய் வகைகளுக்கு 15 வெள்ளி, ஸ்கூட்டருக்குச் செயின் இல்லாமல் மற்ற வேலைகள் 10 வெள்ளி” என்று பிரித்து எழுதுங்கள். “சாமான் மாற்ற வேண்டியிருந்தால் விலை சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகே மாற்றுவோம்” என்ற வரியை விடவே விடாதீர்கள். நோட்டீஸிலேயே கனம் உள்ள வரி அதுதான், ஏனென்றால் 15 வெள்ளிக்குக் கூப்பிட்டு 150 வெள்ளி பில் நீட்டுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

எத்தனை வண்டி பார்க்க முடியும் என்பதையும் கணக்குப் போடுங்கள். ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். இரண்டு பேர், கடை 10 மணிக்குத் திறந்து 7 மணிக்கு மூடினால் 36 வண்டி என்று காகிதத்தில் வரும், ஆனால் கவுண்டரையும் பார்க்க வேண்டும், டயர் மாற்ற வருகிறவரையும் கவனிக்க வேண்டும், ஆகவே 20-க்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். 24-ஆம் தேதியிலிருந்து 30 வரை, ஞாயிறு 28 மூடினால் ஆறு நாள், மொத்தம் 120 வண்டி. “ஒரு நாளுக்கு 20 வண்டி, வாட்ஸ்அப்பில் நேரம் பதிவு செய்யவும்” என்று போட்டால் அது உண்மையான அளவு. “இருப்பு உள்ளவரை” என்ற வரியை எடுத்துவிடலாம். இப்படிச் செய்யாவிட்டால் 30-ஆம் தேதி சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், அவசரத்தில் செயினில் அடிக்கிற எண்ணெய் பின் டயரில் பட்டால் மழையில் வண்டி வழுக்கும்.

பாலம் தாண்டுகிறவன் எழுதியது:

விளக்கு பார்ப்பதைக் கொஞ்சம் மேலே எழுதுங்கள் அண்ணே. 1992-இலிருந்து பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம், என் பழைய வண்டியில் பல்பு சீக்கிரம் போய்விடுகிறது. பின்விளக்கு எரியாதது ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் சம்பளம். எங்கள் இடத்தில் மாதக் கடைசியில் வரும், சில பேருக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்தான் வரும். 24-ஆம் தேதி கையில் காசு இருக்காது. 15 வெள்ளி கொடுத்துவிடலாம், ஆனால் டயர், ஹெல்மெட் எல்லாம் அந்த வாரம் வாங்க முடியாது.

வண்ணத்தாள் எழுதியது:

அப்படியானால் ஆஃபரை 7-ஆம் தேதி வரை நீட்டுவதுதான் சரி. நான் முதலிலேயே தேதியைக் குறைக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

செந்தூல் போர்மன் எழுதியது:

வேலை 30-ஆம் தேதியோடு முடியட்டும், அதை நீட்டினால் பூஜையோடு உள்ள தொடர்பு போய்விடும். டயருக்கு வேண்டுமானால் “10 வெள்ளி கட்டினால் இதே விலையை அக்டோபர் 7 வரை வைத்திருப்போம்” என்று தனி வரி போடலாம், தேயாத டயரை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தால் வாடிக்கையாளரிடம் நேரில் சொல்லுங்கள், அது ஆஃபருக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை. ஹெல்மெட்டை இப்போது தள்ளாதீர்கள். தீபாவளி அக்டோபர் 20, அதற்கு முன்னால் காசு புழங்கும்போது புது ஹெல்மெட் தானாகவே போகும். இரண்டு பண்டிகைக்கும் ஒரே சரக்கைக் காட்டினால் இரண்டும் சப்பென்று போய்விடும்.

லிட்டில் இந்தியா பூக்கடை எழுதியது:

வேலை முடிந்து வண்டியை எடுக்கிறவருக்கு ஒரு எலுமிச்சம்பழமும் சின்னப் பொட்டலம் குங்குமமும் கொடுங்கள், இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். “இலவசம்” என்று பெரிதாக எழுத வேண்டாம், கையில் கொடுத்தால் போதும். மாலையை மட்டும் நீங்கள் போட்டு அனுப்பாதீர்கள். மாலை போட்டபடியே ஓட்டிப் போனால் நார் அறுந்து முன் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், நம்பர் பிளேட்டையும் விளக்கையும் மறைக்கும். நிறுத்தி வைத்து, கும்பிட்டு, கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

செந்தூல் போர்மன் எழுதியது:

அக்கா சொன்னது தங்கமான விஷயம். குங்குமம் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கறை பிடிக்கும், அன்றே துடைக்கச் சொல்லுங்கள். டிஸ்க் பிரேக் தட்டில் சந்தனம் தடவவே கூடாது, பிடிமானம் குறையும். கற்பூரத் தட்டைப் பெட்ரோல் டேங்கிலிருந்து தள்ளிக் காட்ட வேண்டும். பூசணிக்காயை ரோட்டின் நடுவில் உடைத்துவிட்டுப் போவது இன்னொரு மோட்டார்காரனைத்தான் சறுக்கி விழ வைக்கும். இந்த நாலையும் நோட்டீஸின் அடியில் சின்னதாகப் போடலாம் என்பது என் ஆசை.

வண்ணத்தாள் எழுதியது:

அதை நான் ஏற்கவில்லை. கடை நோட்டீஸில் பூஜை எப்படிச் செய்ய வேண்டும் என்று பாடம் எடுத்தால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். அதுவும் பூசணிக்காய் வீட்டு வழக்கம். பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டாகக் கொடுக்கலாம், விளம்பரத்தில் வேண்டாம்.

லிட்டில் இந்தியா பூக்கடை எழுதியது:

எனக்கு எழுதலாம் என்றுதான் படுகிறது. உடைத்தவர்களே துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டால் வழக்கத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

பிறை மோட்டார் கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதை வைத்து மறுபடி எழுதியிருக்கிறேன்:

“ஆயுத பூஜை வாழ்த்துகள்.

புதன்கிழமை பூஜை. அதற்கு முன் உங்கள் மோட்டாரைக் கொண்டு வாருங்கள். முன்விளக்கு, பின்விளக்கு, சிக்னல், ஹார்ன், பிரேக், டயர் காற்று பார்த்து, செயின் கழுவி எண்ணெய் போட்டுத் தருகிறோம். செயின் உள்ள கப்சாய்க்கு 15 வெள்ளி. ஸ்கூட்டருக்குச் செயின் வேலை தவிர மற்றவை 10 வெள்ளி. கூலி இதிலேயே அடக்கம். சாமான் மாற்ற வேண்டியிருந்தால் முதலில் விலை சொல்வோம், நீங்கள் சரி என்ற பிறகே மாற்றுவோம்.

மழைக்கோட்டு 45 வெள்ளி, பூஜை வரை 38 வெள்ளி.

செப்டம்பர் 24 முதல் 30 வரை, காலை 10 முதல் இரவு 7 வரை. ஞாயிறு விடுமுறை. ஒரு நாளுக்கு 20 வண்டி மட்டும், வாட்ஸ்அப்பில் நேரம் சொல்லிவிட்டு வாருங்கள்.”

டயர் வரியைக் கடைக்குள் தனியாக ஒட்டுகிறேன். பூசணிக்காய் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, அம்மாவிடம் கேட்க வேண்டும். கேபிடிஎன் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன்.

பாலம் தாண்டுகிறவன் எழுதியது:

இதைப் படித்தால் நான் வருவேன். ஒரே ஒரு விஷயம், 12 மணி நேர சிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு 10 முதல் 7 வரை ஒத்துவராது. காலை ஏழு மணிக்கு ராத்திரி சிஃப்ட் முடிந்து பாலத்தைத் தாண்டி வரும்போது உங்கள் கடை மூடியிருக்கும். கடைசி இரண்டு நாள் மட்டுமாவது எட்டு மணிக்குத் திறக்க முடியுமா?

பிறை மோட்டார் கடை எழுதியது:

29, 30 இரண்டு நாளும் எட்டு மணிக்குத் திறக்கிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டேன், அவரும் சரி என்றார். நோட்டீஸில் அந்த வரியையும் சேர்த்துவிடுகிறேன்.

செந்தமிழ்ச்செல்வன்77 எழுதியது:

எனக்கும் 30-ஆம் தேதி எட்டு மணிக்கு ஒரு இடம் வையுங்கள் அண்ணே. புது வண்டிதான், ஆனால் செயின் கொஞ்சம் தளர்ந்த மாதிரி சத்தம் வருகிறது.